கம்பைனுக்குள் என்ன நடக்கிறது? ரீல், டிரம், சல்லடை: ஓர் எளிய விளக்கம்

கம்பைன் அறுவடை இயந்திரம் ஓடிப்போன தடத்தில் வைக்கோலுக்கு அடியில் மணி சிதறிக் கிடந்தால், பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "காற்று அதிகம், குறை." சில நேரம் அது சரியாக இருக்கும். ஆனால் பல நேரம் காற்றைக் குறைத்த பிறகு இன்னும் அதிகமாக மணி விழும். அப்போது இயந்திரமே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு அடியில் இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று, டிரம் கதிரை நசுக்கி மணியைப் பிழிந்தெடுக்கிறது என்பது. இன்னொன்று, சல்லடைதான் பெரியதையும் சிறியதையும் பிரித்து மணியைச் சுத்தம் செய்கிறது என்பது. இரண்டுமே பாதி உண்மை. உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், பின்னால் விழும் மணிக்கான காரணம் பெரும்பாலும் முன்னால் இருப்பது புரியும்.

## எவ்வளவு பயிர், எவ்வளவு நேரம்

அறுப்பது, அடிப்பது, தூற்றுவது என்று மூன்று வேலை. கம்பைன் இவற்றை நகர்ந்துகொண்டே, ஒரே ஓட்டத்தில் செய்கிறது. எதற்கும் நின்று நிதானிக்க நேரம் கிடையாது. எவ்வளவு அவசரம் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்டுரை முழுக்க இதே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்.

ஒரு கோதுமை வயல், ஹெக்டேருக்கு 5 டன் விளைச்சல். அதாவது சதுர மீட்டருக்கு 500 கிராம் மணி. இயந்திரத்தின் வெட்டும் அகலம் 4 மீட்டர். ஓடும் வேகம் மணிக்கு 4.5 கிலோமீட்டர், நொடிக்கு 1.25 மீட்டர். அப்படியென்றால் ஒரு நொடியில் 5 சதுர மீட்டர் பயிர் உள்ளே போகிறது. அதில் மணி மட்டும் 2.5 கிலோ. தாளும் கூளமும் ஏறக்குறைய அதே எடை என்று வைத்தால், நொடிக்கு 5 கிலோ பொருள் உள்ளே வந்து, பிரிந்து, வெளியே போயாக வேண்டும். ஒரு பாகம் கொஞ்சம் திணறினாலும் அடுத்த நொடியின் 5 கிலோ பின்னாலேயே வந்து நிற்கும்.

## ரீலும் கத்தியும்

இயந்திரத்தின் முகப்பில், தரையை ஒட்டி, வெட்டும் பட்டை இருக்கிறது. ஒரு நீளமான இரும்புப் பட்டையில் முக்கோண வடிவச் சிறு கத்திகளை வரிசையாக ரிவெட் அடித்திருப்பார்கள். பட்டை இடமும் வலமும் வேகமாக ஆடும். ஒவ்வோர் ஆட்டமும் பெரும்பாலான இயந்திரங்களில் சுமார் 76 மில்லிமீட்டர். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு விரல்கள் அசையாமல் நிற்க, அவற்றுக்கு நடுவில் கத்தி போய் வரும்போது தாள் வெட்டுப்படுகிறது. கத்தி மழுங்கினாலோ, விரலுக்கும் கத்திக்கும் இடைவெளி விழுந்தாலோ தாள் வெட்டுப்படாமல் மடங்கி, பிய்த்துக்கொண்டு வரும். அரிதாளின் நுனியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: நல்ல வெட்டு நேராக இருக்கும், மோசமான வெட்டு நார் நாராக இருக்கும்.

கத்திக்கு மேலே மெதுவாகச் சுழலும் பெரிய கூண்டுதான் ரீல். பயிரை வெட்டுவது ரீல்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. அது எதையும் வெட்டுவதில்லை. தாள் வெட்டுப்படும் கணத்தில் அது முன்னால் சாய்ந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பதும், வெட்டுப்பட்டதைப் பின்னோக்கித் தளத்தில் படுக்க வைப்பதும்தான் அதன் வேலை. ரீல் இல்லாவிட்டால் வெட்டுப்பட்ட கதிர்களில் பாதி முன்னால் மண்ணில் விழும்.

ரீலின் வேகத்துக்குத் தனியாக ஓர் எண் சொல்ல முடியாது. இயந்திரம் எந்த வேகத்தில் ஓடுகிறதோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 1.1 முதல் 1.25 மடங்கு வரை, ரீலின் விளிம்பு நகர வேண்டும். நம் உதாரணத்தில் இயந்திரம் நொடிக்கு 1.25 மீட்டர் போகிறது. 1.2 மடங்கு என்றால் ரீல் விளிம்பு நொடிக்கு 1.5 மீட்டர். ரீலின் விட்டம் 1 மீட்டர் என்றால் சுற்றளவு 3.14 மீட்டர். ஆகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 29 சுற்று. கண்ணால் எண்ணிவிடக்கூடிய வேகம்.

இதைவிட வேகமாகச் சுழன்றால் ரீல் கதிரைத் தட்டிவிடும். நன்றாக முற்றிய கதிர் ஒரு தட்டுக்கே மணியை உதிர்த்துவிடும். மெதுவாகச் சுழன்றாலோ இயந்திரம் பயிரை முன்னால் தள்ளும், வெட்டுப்பட்டது தளத்தில் படாமல் கத்தி மேலேயே குவியும். உயரமும் முக்கியம். நிமிர்ந்து நிற்கும் பயிரில் ரீலின் பற்கள் கதிருக்குச் சற்றுக் கீழே, தாளைத் தொட வேண்டும்; கதிரையே அடிக்கக் கூடாது. சாய்ந்த பயிரில் ரீலைக் கீழே இறக்கி, முன்னால் நகர்த்தி, பற்களைப் பின்பக்கம் சாய்த்து வைத்து, கிடக்கும் பயிரைத் தூக்கி எடுக்க வேண்டியிருக்கும்.

வெட்டுப்பட்ட பயிரை ஒரு திருகு உருளை இரு பக்கத்திலிருந்தும் நடுவுக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து சங்கிலிப் பட்டை மேலே இழுத்து டிரம்முக்குக் கொடுக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: சீரான ஓட்டம். பயிர் சமமாகப் போனால் டிரம்மின் சத்தம் ஒரே சுருதியில் இருக்கும். கட்டிக் கட்டியாகப் போனால் சில நொடிக்கு ஒருமுறை உறுமிவிட்டு அடங்கும். பழகிய ஓட்டுநர் இந்த உறுமலைக் கேட்டே ரீலைத் திரும்பிப் பார்ப்பார்.

இதுவரை பார்த்தது: கத்தி வெட்டுகிறது, ரீல் தாங்கிப் படுக்க வைக்கிறது, ரீலின் வேகம் இயந்திரத்தின் வேகத்தோடு சேர்ந்தது. இந்த இடத்தில் தரையில் விழுந்த மணியை உள்ளே இருக்கும் எந்தப் பாகமும் மீட்க முடியாது.

## டிரம் நசுக்குவதில்லை

கதிரிலிருந்து மணியைப் பிரிக்கும் வேலைக்குப் போரடித்தல் என்று பெயர். கம்பைனில் இதைச் செய்வது டிரம், அதாவது குறுக்காகப் படுத்துச் சுழலும் இரும்பு உருளை. கோதுமைக்கான டிரம்மில், நீளவாக்கில் வரிவரியாகச் சொரசொரப்பான பட்டைகள் இருக்கும். டிரம்மின் அடிப்பாகத்தைத் தழுவினாற்போல வளைந்த இரும்புக் கிராதி ஒன்று இருக்கும். இதை கன்கேவ் என்கிறார்கள். டிரம்முக்கும் கன்கேவுக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகத்தான் பயிர் போக வேண்டும். இடுக்கு நுழைவாயிலில் அகலமாகவும் வெளியேறும் இடத்தில் குறுகலாகவும் இருக்கும். உதாரணமாக முன்னால் 12 மில்லிமீட்டர், பின்னால் 6 மில்லிமீட்டர்.

கோதுமை மணியின் தடிமன் மூன்று மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஆகவே 6 மில்லிமீட்டர் இடுக்கில் மணி நசுங்க வழியில்லை. பிறகு எப்படிப் பிரிகிறது? வேகத்தால்.

டிரம்மின் விட்டம் 60 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அதன் பட்டைகள் நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில், மணிக்கு 100 கிலோமீட்டர் கணக்கில், பறக்கின்றன. பயிரோ சங்கிலிப் பட்டையிலிருந்து மிக மெதுவாக வருகிறது. மெதுவாக வரும் கதிரை அவ்வளவு வேகமான பட்டை அடிக்கும்போது, மணி காம்பைவிட்டுத் தெறிக்கிறது. முதல் அடியிலேயே பெரும்பகுதி கழன்றுவிடும். பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருப்பவை, டிரம்முக்கும் கன்கேவுக்கும் நடுவில் தாளோடு தாள் உரசும்போது உதிர்கின்றன. உதிர்ந்த மணி கிராதியின் ஓட்டை வழியே கீழே விழுகிறது. எல்லாம் சரியாக இருந்தால் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மணி இங்கேயே இறங்கிவிடும். மிச்சம் தாளோடு பின்னால் போகும். அங்கே மேலும் கீழுமாகத் துள்ளும் வைக்கோல் உதறிகள் அதை உதறி இறக்கும்.

நெல்லுக்குச் சொரசொரப்பான பட்டைக்குப் பதில் முளை போன்ற பற்கள் வைத்த டிரம் பரவலாகப் பயன்படுகிறது, வேகமும் குறைவு. பயிரை உருளையின் நீளவாக்கில் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோகும் ரோட்டார் வகை இயந்திரங்கள் 1970-களின் நடுவில் சந்தைக்கு வந்தன. நியூ ஹாலண்ட் 1975-லும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1977-லும் கொண்டுவந்தவை அவற்றில் முதன்மையானவை. அவற்றில் வைக்கோல் உதறி கிடையாது, ரோட்டாரே அந்த வேலையையும் செய்துவிடுகிறது. அடித்தும் உரசியும் பிரிக்கும் கொள்கை மட்டும் மாறவில்லை.

## டிரம் வேகத்தில் ஒரு கண்ணி

டிரம்மை வேகமாக ஓட்டினால் ஒரு கதிர்கூட மிஞ்சாது என்று தோன்றும். அது உண்மைதான். ஆனால் அடியின் வலிமை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 900 சுற்றை 1000 ஆக்கினால் வேகம் கூடுவது 11 சதவீதம்; அடியின் ஆற்றல் கூடுவதோ 23 சதவீதம். கதிரைவிட்டுக் கழன்ற மணிக்கும் அதே அடி விழுகிறது. காய்ந்த மணி உடைந்துபோகும். கண்ணுக்கு முழுசாகத் தெரியும் மணியிலும் உள்விரிசல் விழுந்திருக்கும், விதைக்கு வைத்தால் முளைக்காது.

உடைந்த மணி எல்லோரும் பார்க்கும் சேதம். அதிகம் பேர் பார்க்காத இன்னொன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. வேகமான டிரம் வைக்கோலையும் அடித்து நொறுக்குகிறது. நீளமான வைக்கோல் மேலேயே போய்விடும், தொந்தரவு இல்லை. நொறுங்கிய துண்டுகள் மணியோடு சேர்ந்து கிராதியின் ஓட்டையில் இறங்கி நேராகச் சல்லடைக்குப் போகின்றன. சல்லடைக்கு வர வேண்டியது மணி, உமி, கொஞ்சம் கூளம். இப்போது அதன் தலையில் ஒரு பாரம் வைக்கோல் துண்டும் ஏறிவிட்டது.

அப்புறம் ஈரம். காலையில் பனி காயாமல் இருக்கும்போது தாள் நார் போல இழுபடும், கதிர் லேசில் விடாது. டிரம்முக்கு வேகம் கொஞ்சம் தேவைப்படும். பிற்பகலில் அதே வயல் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். காலையில் வைத்த அளவிலேயே சாயங்காலம் வரை ஓட்டினால், பிற்பகல் முழுக்க மணியையும் வைக்கோலையும் உடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

எப்படித் தெரிந்துகொள்வது? தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணி எடுத்துப் பரப்பிப் பார்க்க வேண்டும். பின்னால் விழுந்த வைக்கோலில் கதிர்களைப் பொறுக்கி உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். தொட்டியில் உடைசல் இருந்தால் முதலில் வேகத்தைக் குறைக்கலாம். கதிரில் மணி மிச்சம் இருந்தால் முதலில் இடுக்கைச் சற்றுக் குறுக்கலாம், போதாவிட்டால் வேகத்தைத் தொடலாம். இரண்டும் ஒரே சமயத்தில் தெரிந்தால், அதாவது மணியும் உடைகிறது, கதிரும் முழுதாக அடிபடவில்லை என்றால், அளவை மாற்றுவது உதவாது. பட்டைகள் தேய்ந்திருக்கலாம், கன்கேவ் ஒருபக்கம் சாய்ந்திருக்கலாம், அல்லது பயிர் கட்டிக் கட்டியாக வருகிறது.

சுருக்கமாக: டிரம் அடித்துப் பிரிக்கிறது. கதிர் விடுகிற மிகக் குறைந்த வேகமே சரியான வேகம். அதற்கு மேல் போனால் மணி உடைவதோடு, சல்லடையின் சுமையும் ஏறுகிறது.

## சல்லடையும் காற்றும்

களத்தில் தூற்றும்போது மணியும் உமியும் கலந்ததை உயரத்திலிருந்து காற்றில் சரியவிடுகிறோம். மணி நேரே காலடியில் விழுகிறது, உமி தள்ளிப்போய் விழுகிறது. அங்கே சல்லடையே இல்லை, பிரித்தது காற்று. கம்பைனின் உள்ளே நடப்பதும் அடிப்படையில் இதே தூற்றல்தான். விசிறி ஒன்று காற்றைக் கொடுக்கிறது.

காற்று ஏன் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைக் கொண்டுபோகிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. கீழிருந்து மேலே வீசும் காற்றில் ஒரு பொருளைப் போட்டால், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அது விழாமலும் எழும்பாமலும் அந்தரத்தில் நிற்கும். அதை மிதவை வேகம் என்று சொல்லலாம். கோதுமை மணிக்கு அது நொடிக்கு 8 மீட்டருக்கு அருகில். உமிக்கு 2 மீட்டர் அளவுதான். வைக்கோல் துண்டுகள் இரண்டுக்கும் நடுவில் வரும். ஆகவே உமியைத் தூக்கிவிடும், ஆனால் மணியைத் தூக்காத காற்று வேகம் ஒன்று இருக்கிறது, அதற்குத் தாராளமான இடமும் இருக்கிறது. வைக்கோல் துண்டு எவ்வளவு அதிகமாகிறதோ அந்த இடம் அவ்வளவு குறுகிவிடும்.

கிராதியிலிருந்து விழுந்தவை முதலில் ஆடும் தட்டு ஒன்றில் சேர்கின்றன. அது ஆடி ஆடிப் பின்னால் நகர்த்தும்போதே கனமான மணி அடியிலும் லேசான உமி மேலேயும் படிந்துவிடும். தட்டின் விளிம்பிலிருந்து மேல் சல்லடைக்கு விழும் அந்தச் சிறு இடைவெளியில் விசிறிக்காற்று தாக்குகிறது. உமியில் பெரும்பகுதி சல்லடையைத் தொடாமலே பறந்துவிடும். மிஞ்சியதைத் தாங்குவது மேல் சல்லடை. அதில் வட்ட ஓட்டைகளுக்குப் பதில், திறந்து மூடக்கூடிய சாய்வான தகடுகள் வரிசையாக இருக்கும். அவற்றின் இடுக்கு வழியாகவும் காற்று மேலே வரும். கீழ் சல்லடையின் துளை இன்னும் சிறியது. அதையும் தாண்டி விழும் மணிதான் தொட்டிக்குப் போகிறது.

கீழ் சல்லடையில் இறங்காதவை, முக்கியமாக முழுதாக அடிபடாத கதிர்த் துண்டுகள், மறுபடி டிரம்முக்கே அனுப்பப்படும். இதற்குத் திரும்பல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். திரும்பலில் சுத்தமான மணி நிறைய வந்தால் கீழ் சல்லடை மிகவும் மூடியிருக்கிறது என்று பொருள். அந்த மணி இரண்டாம் முறை அடி வாங்குவதால், டிரம் சரியாக இருந்தாலும் தொட்டியில் உடைசல் வரும்.

சரி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். காற்றைக் குறைத்தால் மணி ஏன் அதிகமாக விழுகிறது? மேல் சல்லடையில் உமியும் துண்டுகளும் காற்றில் மிதந்துகொண்டிருக்கும் வரை அவற்றின் நடுவே மணி சுலபமாகப் புகுந்து இறங்கிவிடும். காற்று பலவீனமானால் மிதந்தவை சல்லடைமேல் படிந்து, பாய் விரித்தாற்போல மூடிக்கொள்ளும். மணி அந்தப் பாயின் மேல் விழும். சல்லடை ஆட ஆட, பாயோடு சேர்ந்து பின்னால் பயணித்து வெளியே கொட்டும். காற்று அதிகமானால் மணி பறந்துபோகிறது. குறைந்தால் பாயில் ஏறிப் போகிறது. தரையில் கிடக்கும் மணியைப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது.

வேறுபடுத்த ஒரு வழி உண்டு. முழுச் சுமையில் ஓடிக்கொண்டிருக்கும்போது இயந்திரத்தைச் சட்டென்று நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லா பாகங்களும் நின்ற பிறகு பின்னாலிருந்து சல்லடையைப் பார்ப்பது. சல்லடை முழுக்கக் கூளப் பாய் என்றால் காற்று போதவில்லை. முன்பகுதி வெறுமையாக இருந்து மணி கடைசியில் ஒதுங்கிக் கிடந்தால் காற்று அதிகம். மணி முன்பக்கத்திலேயே இறங்கிப் பின்பகுதி ஏறக்குறைய காலியாக இருந்தால் அளவு சரி.

## ஒரு கணக்கு: குற்றவாளி யார்?

நம் உதாரண வயலுக்குத் திரும்புவோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஆயிரம் கோதுமை மணி 40 கிராம் என்று கொண்டால், சதுர மீட்டருக்கு 125 மணி விழுவது விளைச்சலில் 1 சதவீதம்.

இயந்திரத்தை வயலின் நடுவில் நிறுத்திச் சில மீட்டர் பின்னால் எடுத்து, மூன்று இடத்தில் எண்ண வேண்டும். வெட்டாத பயிருக்கு அடியில் 20 மணி. இது தானாக உதிர்ந்தது. வெட்டியும் இயந்திரத்தின் உடல் இன்னும் கடக்காத இடத்தில் 45; ஆக, ரீலும் கத்தியும் உதிர்த்தது 25, அதாவது 0.2 சதவீதம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

இயந்திரம் கடந்த இடத்தில், வைக்கோல் விழுந்த வரிசையில், 845 மணி. இதைப் பார்த்துப் பதறக் கூடாது. 4 மீட்டர் அகலத்தில் அறுத்ததை 1 மீட்டர் வரிசையில் கொட்டியிருக்கிறது. 45-ஐக் கழித்தால் 800, நான்கால் வகுத்தால் 200. இழப்பு 1.6 சதவீதம், ஹெக்டேருக்கு 80 கிலோ. பதற வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் கூடாது.

ஓட்டுநர் காற்றைக் குறைக்கிறார், மறுபடி எண்ணினால் கூடியிருக்கிறது. சட்டென்று நிறுத்திச் சல்லடையைப் பார்த்தால், துண்டு துண்டான வைக்கோல் பாய். தொட்டியில் கொஞ்சம் உடைசல். டிரம் 1000 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பட்டையின் வேகம் நொடிக்கு 31 மீட்டர். மூன்று அடையாளமும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. டிரம்மை 850-க்கு இறக்கி, காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றி ஓட்டுகிறார். வைக்கோல் நீளமாக விழுகிறது, கதிர்களில் மணி மிச்சமில்லை. வரிசையில் எண்ணினால் 345. 45-ஐக் கழித்து நான்கால் வகுத்தால் 75 மணி, அதாவது 0.6 சதவீதம். மேல் சல்லடையின் தகடுகளை அவர் தொடவே இல்லை.

டிரம், காற்று, சல்லடை மூன்றும் சரியாக இருந்தும் இழப்பு குறையவில்லை என்றால், மிஞ்சியிருப்பது ஓடும் வேகம். வைக்கோல் உதறியும் சல்லடையும் ஓர் அளவு வரைக்கும் சுமையைத் தாங்கும், அதைத் தாண்டினால் இழப்பு படிப்படியாக ஏறாது, செங்குத்தாக ஏறும். மணிக்கு 4.5 கிலோமீட்டரை 4 ஆக்கினால் நொடிக்கு 5 கிலோ சுமை நாலரைக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது ரீலின் 29 சுற்றையும் அதே விகிதத்தில் 25, 26-க்குக் குறைத்துவிட்டு, மறுபடி இறங்கி எண்ண வேண்டும்.